தண்ணீருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

வலது காதின் துளையை விரலால் மெல்ல மூடிக்கொண்டு, வாயைத் திறக்காமல் 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகிப் பாருங்கள். முனகல் மூடிய காதில்தான் பலமாகக் கேட்கும். விரலை எடுத்து இடது காதை மூடினால் சத்தம் இடப்பக்கம் போய்விடும்.

முதல் தடவை செய்பவர்கள் எல்லோரும் ஆச்சரியப்படுகிறார்கள். மூடிய காதில் குறைவாகத்தானே கேட்க வேண்டும்? வெளியிலிருந்து வரும் சத்தம் குறைவது உண்மைதான். ஆனால் முனகல் வெளியிலிருந்து வரவில்லை. தொண்டையில் பிறந்து, தாடை எலும்பு, மண்டை எலும்பு வழியாகவே உட்காதுக்குப் போகிறது. எலும்பு அதிரும்போது காதுத் துளையின் சுவரும் அதிர்ந்து துளைக்குள் ஒரு சத்தத்தை உண்டாக்குகிறது. துளை திறந்திருந்தால் அது வெளியே போய்விடும். விரல் மறித்தால் செவிப்பறையின் மேலேயே திரும்பி விழும்.

ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டால் வீட்டில் வேறு எதுவும் செய்வதற்கு முன் இந்த முனகலைச் செய்து பார்க்க வேண்டும். விரல் வைக்காமல், இரண்டு காதும் திறந்தபடி. சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று கவனிக்க வேண்டும். அடைத்த காதுக்குப் போனால் ஒரு வகை நோய், நல்ல காதுக்குப் போனால் வேறு வகை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு, அவசரமும் வேறு.

*

கிணற்றில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். முங்கி இருக்கும்போது மேலே விளிம்பில் நிற்பவர் எவ்வளவு கத்தினாலும் கேட்காது. ஆனால் தண்ணீருக்குள் கல்லோடு கல் தட்டினால் பளிச்சென்று கேட்கும். காற்றில் வரும் ஒலி தண்ணீரின் மேற்பரப்பில் பட்டதும் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்குகிறது.

நம் காதுக்கும் இதே சிக்கல்தான். ஒலியை உணரும் செல்கள் உட்காதில், நத்தைக் கூடு வடிவத்தில் சுருண்ட ஒரு எலும்புக் குழாய்க்குள், தண்ணீரில் இருக்கின்றன. பேச்சோ காற்றில் வருகிறது. இடையில் இருக்கும் நடுக்காதின் வேலை, அந்த ஒலியைத் தண்ணீருக்குள் இறக்கிவிடுவதுதான். செவிப்பறையின் அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர். அதன் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சிற்றெலும்புகள். கடைசியில் இருக்கும் அங்கவடியின் அடித்தட்டு 3 சதுர மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பெரிய பரப்பில் விழுந்த அழுத்தம் சின்னப் பரப்பில் குவிகிறது. எலும்புகளின் நெம்புகோல் விசையும் சேர்ந்து அழுத்தம் ஏறக்குறைய 22 மடங்காகிறது. தண்ணீர் திருப்பி அனுப்பியிருக்கும் ஒலியில் பெரும்பகுதியை இந்தக் கருவி உள்ளே சேர்த்துவிடுகிறது.

காது கேளாமையைப் பிரிக்கும் கோடு இந்தத் தண்ணீர்தான். தண்ணீருக்கு இந்தப் பக்கம், அதாவது துளையிலோ பறையிலோ சிற்றெலும்பிலோ கோளாறு என்றால் அது கடத்தல் வகை. ஒலி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். உணரும் செல்கள் நன்றாக இருக்கின்றன. தண்ணீருக்கு அந்தப் பக்கம், செல்களிலோ அவற்றிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிலோ கோளாறு என்றால் அது உணர்நரம்பு வகை. ஒலி போய்ச் சேர்ந்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

*

இந்தப் பக்கத்துக் கோளாறுகளை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்தவுடன் காது சட்டென்று அடைப்பது பெரும்பாலும் குறும்பிதான். அதுவரை துளையில் முடியளவு இடைவெளி இருந்திருக்கும், ஒலி அதில் புகுந்து போயிருக்கும். தண்ணீர் பட்டுக் குறும்பி ஊதியதும் அந்த இடைவெளியும் மூடிக்கொள்கிறது. பட்ஸ் போடுகிறவர்கள் அதை இன்னும் உள்ளே தள்ளி வைத்திருப்பார்கள். கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ் ஏறும்போது வரும் அடைப்பு நடுக்காதின் காற்றழுத்தம், ஒரு கொட்டாவியில் போய்விடும். சளி மாறாத சின்னக் குழந்தை டி.வி.யை ஒட்டிப் போய் உட்காருவது பல சமயம் நடுக்காதில் தங்கிவிட்ட பிசுபிசுப்பான நீரால். 'சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கிறான்' என்று டீச்சர் எழுதி அனுப்பும் பையன்களில் சிலர் இந்த வகை.

கடத்தல் வகைக்கு ஓர் எல்லை உண்டு. எவ்வளவு மோசமானாலும் சுமார் 60 டெசிபெல் இழப்போடு நின்றுவிடும். அதற்கு மேல் பலமான ஒலி மண்டை எலும்பு வழியாகவே உள்ளே போய்விடும். ஆகவே ஒரு காதில் 80, 90 டெசிபெல் இழப்பு இருந்தால் அது குறும்பியால் மட்டும் வந்ததாக இருக்கவே முடியாது. பின்னால் சொல்லப்போகும் ஒருவர் விஷயத்தில் இது முக்கியம்.

*

அந்தப் பக்கம் போவோம். நத்தைச் சுருளை நீட்டினால் 35 மில்லிமீட்டர்தான். அதில் ஏறக்குறைய 15,000 மயிர்ச்செல்கள். இவற்றில் சுமார் 3,500 உள்வரிசையில் நின்று செய்தியை நரம்புக்குக் கொடுக்கின்றன. மற்றவை வெளிவரிசைகளில் நின்று, மெல்லிய ஒலியை அங்கேயே கூட்டிக் கொடுக்கின்றன. பறவைகளுக்கு இந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்கும். மனிதருக்கு முளைப்பதில்லை.

எந்தச் செல் எங்கே இருக்கிறது என்பதில் ஒழுங்கு உண்டு. சுருளின் வாசலில் இருப்பவை கீச்சென்ற உயர்ந்த சுருதிக்கானவை. உள்ளே போகப் போகத் தாழ்ந்த சுருதி. வயது, இரைச்சல், சில மருந்துகள் எல்லாமே முதலில் வாசல் பக்கத்துச் செல்களைத்தான் கெடுக்கின்றன. அதனால் இப்படிக் காது கெட்டவருக்கு இடி கேட்கும், லாரி கேட்கும், பக்கத்து வீட்டு நாய் கேட்கும். குக்கர் விசில் எட்டத்திலிருந்து கேட்காது, கைபேசியின் அலாரம் கேட்காது. 'காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது' என்று அவர் சொல்வது பொய்யில்லை.

பேச்சில் என்ன நடக்கிறது? நம் பேச்சில் உயிரெழுத்துகளுக்குப் பலம் அதிகம், சுருதி குறைவு. ஆ, ஓ, ஊ எல்லாம் தாழ்ந்த பகுதியில். க, த, ப, ச போன்றவை மெலிந்தவை, கணநேரம் வந்து போகிறவை, அவற்றை அடையாளம் காட்டும் பகுதி பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல். 'ஸ்' என்ற சத்தம் 4000-ஐயும் தாண்டும். 'பால் வந்துச்சா?' என்று கேட்டால் பெரியவர் காதில் '-ஆல் வந்துச்சா' என்று விழுகிறது. முன்னால் இருந்தது பாலா, காலா, ஆளா என்று அவர் ஊகிக்க வேண்டும். 'கால் ரெண்டு நாளா வலிக்குதும்மா' என்று பதில் வரும். படி, கடி, தடி, அடி எல்லாம் அவருக்கு ஒரே சொல். சத்தம் குறையவில்லை, எழுத்து உதிர்ந்திருக்கிறது. அதை இன்னும் உரக்கச் சொன்னால் உயிரெழுத்துதான் இன்னும் உரக்கப் போகும்.

*

இரண்டு ஆடியோகிராம்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சராசரி மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

முதலாவது முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். சின்ன வயதிலிருந்து ஒரு காதில் சீழ், பறையில் ஓட்டை. அந்தக் காதில் ஹெட்போன் வழியாகக் கேட்கும் அளவு 500 ஹெர்ட்ஸில் 45 டெசிபெல், 1000-இல் 45, 2000-இல் 35, 4000-இல் 35. பிறகு காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் ஓர் அதிர்வானை வைத்து அதே ஒலிகளைக் கொடுத்தார்கள். எல்லாம் 10, 15 டெசிபெலிலேயே கேட்டுவிட்டது. காற்று வழிக் கோடு கீழே, எலும்பு வழிக் கோடு மேலே, நடுவில் பெரிய இடைவெளி. அந்த இடைவெளிதான் கடத்தல் வகையின் கையெழுத்து. எலும்பு வழியே போனால் உட்காது சரியாக வாங்கிக்கொள்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது அறுபது வயது ஆண். பல்லாவரம், திரிசூலம் பக்கம் கல் உடைக்கும் கிரஷரில் பல காலம் வேலை. 500-இல் 20, 1000-இல் 25, 2000-இல் 45, 4000-இல் 70. எலும்பு வழியும் அதே அளவுகள், கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடக்கின்றன. 8000-இல் 60-க்கு ஏறுகிறது. 4000-இல் இப்படிப் பள்ளம் விழுந்து, அப்புறம் கொஞ்சம் மேலே ஏறினால் அது இரைச்சல் தின்ற காது.

இரண்டு பேருக்கும் நான்கு எண்களின் சராசரி 40. காகிதத்தில் இரண்டு பேரும் 'மிதமான இழப்பு'க்காரர்கள். ஆனால் அந்தப் பெண்ணின் காதில் 40 டெசிபெல் கூட்டிக் கொடுத்தால் பேச்சு முழுதாக, தெளிவாகக் கேட்கும். பறையின் ஓட்டையை, காதுக்கு மேலே இருக்கும் தசையின் மெல்லிய உறையை எடுத்து ஒட்டி மூடலாம். ஒட்டிப் பிடித்தால் மிஷினே வேண்டாம். கல் உடைத்தவருக்கு 40 டெசிபெலை எல்லாச் சுருதியிலும் கூட்டினால், தேவையே இல்லாத 500-இல் ஃபேன் சத்தமும் வண்டிச் சத்தமும் காதைப் பிளக்கும், தேவையான 4000-இல் போதாமல் போகும். பெட்டியில் அடைத்து விற்கும் விலை குறைந்த 'காது மிஷின்' பெரும்பாலும் அலமாரிக்குள் போய்ச் சேருவது இதனால்தான். சுருதிக்குச் சுருதி அளவு வைத்து அமைத்த கருவி வேண்டும். அதுவும் ஓரளவுக்குத்தான் உதவும், ஏனென்றால் அந்த இடத்துச் செல்களே குறைவு.

'எத்தனை சதவீதம் போச்சு?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எந்தப் பக்கம் போச்சு என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் ஆதங்கம்.

*

வீட்டில் கவனிக்க:

இந்தப் பக்கக் கோளாறு உள்ளவர் மெதுவாகப் பேசுவார். தன் குரல் எலும்பு வழியாக அவருக்குப் பலமாகக் கேட்கிறது, அதனால் அடக்கிப் பேசுகிறார். அந்தப் பக்கக் கோளாறு உள்ளவருக்குத் தன் குரலே சரியாகக் கேட்பதில்லை. கைபேசியில் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் ஏறினால் இன்னொன்று தெரியும். கடத்தல் வகைக்காரர் ரயிலுக்குள் மற்றவர்களைவிட நன்றாகவே பேச்சைப் பிடிப்பார். ரயில் இரைச்சல் அவருக்குக் குறைவாகக் கேட்கிறது. பக்கத்தில் இருப்பவரோ இரைச்சலை மீறிக் குரலை உயர்த்துகிறார், உயர்ந்த குரல் அவருடைய தடையைத் தாண்டிவிடுகிறது. பறை முழங்கும்போது மட்டும் பேச்சு கேட்ட ஒரு பெண்ணைப் பற்றி தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். கணவர் அவளோடு பேசுவதற்காகவே பறை அடிக்கத் தெரிந்த வேலையாளை வைத்துக்கொண்டாராம். உணர்நரம்பு வகைக்காரருக்கு இதற்கு நேர் எதிர். வீட்டில் தனியாக உட்கார்ந்து பேசினால் சமாளிப்பார். ரயிலிலும் கல்யாண மண்டபத்திலும் ஒன்றும் பிடிபடாது.

மெதுவாகச் சொன்னால் 'என்ன?' என்பார். கொஞ்சம் உரக்கச் சொன்னால் 'ஏன் கத்துற?' என்பார். மருமகள்கள் இதைப் பிடிவாதம் என்று நினைத்து மனம் நோகிறார்கள். வெளிவரிசைச் செல்கள் செத்த காதில் மெல்லிய ஒலி கேட்பதே இல்லை, ஆனால் பலமான ஒலி மற்றவர்களுக்குக் கேட்கும் அதே பலத்தோடு கேட்கிறது. கேட்காததற்கும் தாங்க முடியாததற்கும் நடுவில் இருக்கும் இடம் சுருங்கிப் போயிருக்கிறது. அவர் இரண்டு தடவையும் உண்மையைத்தான் சொல்கிறார்.

*

முடிச்சூரில் எங்கள் தெருக்காரர், வேன் ஓட்டுகிறவர், நாற்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்தார். திங்கள் காலை எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது, உள்ளே 'ஙொய்' என்று சத்தம், லேசாகத் தலை சுற்றல். குளித்த தண்ணீர் என்று முடிவு கட்டினார்கள். அன்று மாலை பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விட்டார்கள். செவ்வாய்க்கிழமை மருந்துக்கடையில் குறும்பி கரைக்கும் சொட்டு மருந்து. புதன்கிழமை, காது கேட்கும் அளவைச் சோதிக்கும் வேலையில் இருக்கும் என்னிடம் வந்தார்.

"அக்கா, காது அடைச்சுக்கிச்சு. தண்ணி உள்ள நின்னுடுச்சு போல. கொஞ்சம் உறிஞ்சி எடுத்து விட்டீங்கன்னா வண்டிக்குப் போயிடுவேன்."

முனகச் சொன்னேன்.

"எந்தப் பக்கம் கேக்குது?"

"வலது பக்கந்தான் கேக்குது. இந்தப் பக்கந்தான் அடைச்சிருக்கே."

அவருக்கு அது இயல்பான பதில். எனக்கு அதிலேயே வயிறு கலங்கியது. வெறும் குறும்பியோ தண்ணீரோ என்றால் முனகல் இடது பக்கம் போயிருக்க வேண்டும்.

காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தேன். எண்ணெய்ப் பசை, அவ்வளவுதான். பறை முத்து நிறத்தில் சுத்தமாக இருந்தது. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்தேன், வலது என்றார். இது 1834-இல் வெபர் என்ற ஜெர்மானியர் விவரித்ததை ஒட்டிய சோதனை, முனகலுக்குப் பெரியண்ணன். அடுத்தது 1855-இல் ரின்னே சொன்னது. கவையின் அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து, பிறகு காதுத் துளைக்கு முன்னால் பிடித்து, எங்கே பலமாகக் கேட்கிறது என்று கேட்பது. நல்ல காதிலும் உணர்நரம்பு வகைக் காதிலும் துளைக்கு முன்னால்தான் பலமாகக் கேட்கும். கடத்தல் வகையில் மட்டும் எலும்பில் பலம்.

அவர் சொன்னார்: "பின்னாடி வெச்சப்ப கேட்டுச்சு. முன்னாடி ஒண்ணுமே இல்ல."

அதாவது கடத்தல் வகை! வெபர் ஒன்று சொல்கிறது, ரின்னே அதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. பழகாதவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். மண்டையோடு முழுவதும் ஒரே எலும்புக் கூடு. இடது காதின் பின்னால் வைத்த அதிர்வு அதிகம் குறையாமல் வலது உட்காதுக்குப் போய்விடும். அவர் இடது எலும்பில் கேட்டதாகச் சொன்ன சத்தம் வலது காது கேட்டது. இரண்டும் முரண்பட்டால் வெபரை நம்பு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆடியோகிராமிலும் அதே பொறிதான். நல்ல காதைச் சும்மா விட்டுவிட்டு அளந்தபோது இடது காது காற்று வழியில் சுமார் 60, எலும்பு வழியில் 15 என்று காட்டியது. பார்த்தால் அழகான கடத்தல் வகைப் படம். 60 டெசிபெல் ஒலி ஹெட்போனிலிருந்தே மண்டை வழியாக வலது காதுக்குக் கசிந்துவிடுகிறது. பிறகு வலது காதில் 'உஷ்ஷ்' என்ற இரைச்சலைத் தொடர்ந்து கொடுத்து, அதை வேறு எதையும் கேட்க விடாமல் வைத்துக்கொண்டு, மறுபடி அளந்தேன். இடது காது காற்று வழி 85. எலும்பு வழியில் கருவியின் உச்ச அளவு வரை பதிலே இல்லை. குறும்பியால் எட்டவே முடியாத எண்.

திடீர் உணர்நரம்புக் கேளாமை. மூன்று நாட்களுக்குள், அடுத்தடுத்த மூன்று சுருதிகளிலாவது 30 டெசிபெலுக்குக் குறையாமல் போயிருந்தால் இந்தப் பெயர். பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் கண்டுபிடிக்கப்படுவதில்லை. வைரஸ், உட்காதின் இரத்த ஓட்டம் என்று ஊகங்கள் உண்டு. சிலருக்கு ஒன்றும் செய்யாமலே ஓரளவு திரும்பிவிடும். ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் திரும்பும் வாய்ப்பு கூடலாம். அந்த மருந்து முதல் சில நாட்களுக்குள் ஆரம்பித்தால் நல்லது, இரண்டு வாரத்துக்குப் பிறகு பலன் குறைந்துகொண்டே போகிறது. அதனால்தான் எண்ணெயில் போன திங்களும், சொட்டு மருந்தில் போன செவ்வாயும் எனக்கு வலித்தன. எண்ணெய் காதைக் கெடுக்கவில்லை, நாளைத் தின்றது.

அன்று மதியமே ஈ.என்.டி. டாக்டரிடம் போனார். சர்க்கரை இருந்ததால் ஸ்டீராய்டு மாத்திரையோடு தினமும் சர்க்கரை அளவும் பார்க்கச் சொன்னார்கள். அடுத்த வாரம் பறை வழியாக ஊசியில் அதே மருந்து நடுக்காதுக்குள். கேட்டல் நரம்பில் கட்டி எதுவும் இல்லையா என்று எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள், இல்லை. ஒரு மாதம் கழித்து 500-இலும் 1000-இலும் 40-க்கு வந்திருந்தது. 4000-இல் 65-லேயே நின்றுவிட்டது. ஹாரன் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று இன்னும் தடுமாறுகிறார். கண்ணாடியைக் கூடுதலாகப் பார்த்து ஓட்டுகிறார்.

முனகலுக்கும் வரம்பு உண்டு. இரண்டு காதும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் சத்தம் நடுவிலேயே நிற்கும், ஒன்றும் தெரியாது. இழப்பு குறைவாக இருந்தாலும் குழப்பும். அதன் உபயோகம், ஒரு காது நல்லதாக இருந்து மற்றது திடீரென்று அடைத்தவருக்கு. நல்ல காதுக்குப் போனால் அன்றே ஆஸ்பத்திரி. அடைத்த காதுக்குப் போனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். சந்தேகமாக இருந்தால் அதையும் அவசரமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

*

தண்ணீருக்கு அந்தப் பக்கத்தைச் சில மருந்துகளும் கெடுக்கும் என்றேன். அந்தக் கதை எங்கள் ஊரோடு சேர்ந்தது. எங்கள் பக்கத்து ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர். டேவிட் சௌரிமுத்து என்ற மருத்துவர் 1928-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. அந்த நாளில் நல்ல காற்றும் ஓய்வும் சாப்பாடும்தான் வைத்தியம். 1943-இல் அமெரிக்காவில், வாக்ஸ்மன் ஆய்வகத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. காசநோயைக் கொன்ற முதல் மருந்து. பின்னால் கனாமைசின், அமிகாசின் என்று அதே குடும்பத்து ஊசிகள், மற்ற மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு மாதக்கணக்கில் தினமும் போட வேண்டியவை.

இந்த ஊசிகள் உட்காதின் தண்ணீருக்குள் புகுந்து மயிர்ச்செல்களுக்குள் தங்கிவிடுகின்றன. இரத்தத்தில் மருந்து வடிந்த பிறகும் அங்கே இருக்கின்றன. அதனால் ஊசியை நிறுத்திய பின்னும் சில வாரம் கேட்கும் திறன் இறங்கலாம். ஸ்ட்ரெப்டோமைசின் கேட்கும் செல்களைவிடத் தலையின் நிதானத்தைக் காக்கும் செல்களைத்தான் அதிகம் தாக்கும். அப்படிப்பட்டவர் வெளிச்சத்தில் சரியாக நடப்பார், இருட்டில் தள்ளாடுவார், முகம் கழுவக் கண்ணை மூடினால் சாய்வார். கனாமைசினும் அமிகாசினும் கேட்கும் செல்களை, வாசலிலிருந்து ஆரம்பித்து. முதலில் 8000 ஹெர்ட்ஸ் போகும், அப்புறம் 4000. பேச்சு குழம்ப ஆரம்பிக்கும்போது பாதி போயிருக்கும். ஆகவே முதல் ஊசிக்கு முன் ஒரு ஆடியோகிராம், பிறகு மாதந்தோறும் ஒன்று எடுக்க வேண்டும் என்பது விதி. காதில் இரைச்சல் ஆரம்பித்தாலே சொல்லிவிட வேண்டும். அம்மா வழியில் வரும் ஒரு மரபுக்கூறு உள்ளவர்களுக்குச் சில ஊசிகளிலேயே காது போய்விடுவதும் உண்டு. அம்மாவுக்கோ மாமாவுக்கோ 'ஊசி போட்டுக் காது போச்சு' என்று வீட்டில் பேச்சு இருந்தால் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கனாமைசினை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் அறிவித்தது. இந்தியாவிலும் அதன் பிறகு மருந்துக்கு அடங்காத காசநோய்க்குப் பெரும்பாலும் மாத்திரைகளே. இது நான் பார்த்த மாற்றங்களில் மிகப் பெரியது. உயிரைக் காப்பாற்றிக் காதை எடுத்துக்கொண்ட ஒரு பேரம் முடிந்திருக்கிறது.

*

ஆனால் அதே குடும்பம் இன்னும் நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த காதுச் சொட்டு மருந்துகள். பறை முழுதாக இருந்தால் மருந்து துளையோடு நின்றுவிடும், பயமில்லை. பறையில் ஓட்டை இருந்தால் நடுக்காதுக்குள் போய், அங்கிருந்து உட்காதைத் தொடும் மெல்லிய சவ்வு வழியாக உள்ளே இறங்க வாய்ப்பு இருக்கிறது. சீழ் வடியும்போது சில நாள் போட்டால் ஆபத்து குறைவு. சீழ் நின்ற பிறகும் 'காது அரிக்குது' என்று பழைய பாட்டிலை எடுத்து வாரக்கணக்கில் விடுகிறார்களே, அதுதான் கவலை. முதலில் சொன்ன அந்தப் பெண்ணின் காதில் இடைவெளியோடு நல்ல எலும்பு வழிக் கோடு இருந்தது. இப்படி விட்டுவிட்டு வருகிறவர்களில் சிலருக்கு அந்த மேல் கோடும் இறங்கியிருக்கும். ஓட்டையை அடைக்கலாம், இறங்கியதை ஏற்ற முடியாது. ஓட்டை உள்ள காதுக்கு சிப்ரோஃபிளாக்சசின் சொட்டு மருந்து இருக்கிறது, உட்காதுக்குக் கெடுதல் இல்லாதது. சீட்டு எழுதுமுன் டாக்டர் விளக்கு வைத்துப் பறையைப் பார்த்தாரா என்று கவனியுங்கள். பார்க்கவில்லை என்றால் "பறையில ஓட்டை இருக்கா, கொஞ்சம் பாருங்க சார்" என்று கேட்டுவிடுங்கள். பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி, ஒரு மாதத்தில் தூக்கிப் போட்டுவிடுங்கள்.